படிக்கட்டு நடப்பதற்கு மட்டும்

கீர்த்திவாசன் வலது கால் ஷூவை மாட்டிவிட்டு இடது கால் ஷூவைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான், அது நாலு படி கீழே வீட்டுக்காரர் ஆறுக்குட்டியின் கையில் இருப்பதைப் பார்த்தான்.

"உங்களுதுங்களா தம்பி?"

"ஆமாங்க ஐயா."

"நம்ம சின்னராஜ் இதும்மேல காலை வெச்சுத்தான் போயிட்டானுங்க."

கீர்த்திவாசன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். "எங்கீங்க போயிட்டாரு?"

"கீழதானுங்க. எட்டுப் படி. சிலிண்டரைத் தோள்ல வெச்சிட்டே உக்காந்துட்டே போனான். சிலிண்டருக்கு ஒண்ணுமில்லீங்க."

சின்னராஜ் அப்போது கீழ்ப் படியில் உட்கார்ந்து இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தான். குன்னூரில் அந்தச் சரிவு முழுவதற்கும் எரிவாயு சுமப்பவன் அவன்தான். அவனுக்கு இடுப்பு போனால் நாற்பது வீட்டில் அடுப்பு போகும். கீர்த்திவாசன் ஒற்றை ஷூவோடு இறங்கி மன்னிப்புக் கேட்டான். சின்னராஜ் பெருந்தன்மையோடு, "பரவால்லீங்ணா, பழக்கமாயிருச்சு. போன மாசம் உங்க பாப்பா சைக்கிள்ல விழுந்தேன்," என்றான்.

அது ஐப்பசி மாதம். ஊரெல்லாம் மழை பெய்தால் குன்னூரில் மழை குடியேறிவிடும். கீர்த்திவாசன், அவன் மனைவி சுவாதி, ஆறாவது படிக்கும் மகள் மனிஷா என்று அந்த முதல் மாடியில் மூன்று பேர். மூன்று பேருக்கும் சேர்த்து வாசலுக்கு வெளியே பதினொரு ஜோடிச் செருப்பும் ஷூவும், நாலு குடை, ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ், காலி சிலிண்டர் ஒன்று, தண்ணீர் கேன் இரண்டு, 'பழைய பேப்பர்காரர் வந்தால் போடலாம்' என்று குடிவந்த நாளிலிருந்து காத்திருக்கும் பேப்பர் கட்டு, படிக்கு அடியில் மனிஷாவின் சைக்கிள். கீழ்த்தளத்தில் ஆறுக்குட்டி குடும்பம். மேலே இரண்டாவது மாடி பூட்டிக் கிடந்தது. வீட்டுக்காரரின் மகன் சந்துருவின் பங்கு அது. அவன் ஆஸ்திரேலியாவில் இருந்தான். எனவே முதல் மாடிக்கு வெளியே உள்ள படியில் நடமாட ஆளில்லை, ஆளில்லாத இடம் தன்னுடையது என்பது கீர்த்திவாசனின் சித்தாந்தம்.

"நான் உங்களுக்கு ஊட்டைத்தான் வாடகைக்கு விட்டேன், தம்பி. படி எல்லாருக்கும் பொதுங்க," என்றார் ஆறுக்குட்டி. குரலை உயர்த்தவில்லை. அவர் எப்போதுமே உயர்த்துவதில்லை. அதுதான் அவரிடம் பயப்பட வேண்டிய விஷயம். "கொஞ்சம் ஒதுங்க வெச்சீங்கன்னா நல்லா இருக்கும்."

கீர்த்திவாசன் அன்று மாலையே ஒதுங்க வைத்தான். பதினொரு ஜோடியும் சுவர் ஓரமாக, படிக்கு ஒரு ஜோடி வீதம், ராணுவ அணிவகுப்பு மாதிரி கீழே வரை நின்றன. சைக்கிளைப் படிக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளி வைத்தான். தனக்குத் தானே ஒரு சபாஷ் சொல்லிக்கொண்டான்.

மறுநாள் ஆறுக்குட்டி ஒரு டேப்போடு வந்தார்.

"படி அகலம் மூணடிங்க. உங்க ஷூ நீளம் ஒரு அடி. மீதி ரெண்டடி. சிலிண்டர் தோள்ல இருக்கற ஆளுக்கு ரெண்டடி பத்துங்களா?"

"பக்கவாட்டா வரலாங்களே ஐயா."

"வரலாங்க. நெருப்புப் புடிச்சு நாம எல்லாரும் ஓடறப்பவும் பக்கவாட்டாவே ஓடலாங்களா?"

கீர்த்திவாசன் உள்ளே போனான். பதினொரு மாத வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தான். ஏழாவது ஷரத்து தெளிவாக இருந்தது: 'படிக்கட்டு, நடைபாதை, மீட்டர் உள்ள இடம், மொட்டை மாடி ஆகியவை பொது உபயோகத்துக்கு உரியவை. அவற்றில் சொந்தச் சாமான்கள் வைக்கக் கூடாது.' கீழே அவனுடைய கையெழுத்து. நல்ல அழகான கையெழுத்து. கையெழுத்துப் போட்ட நாளில் அவன் படித்தது வாடகை எவ்வளவு, தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற இரண்டு வரிகளை மட்டும்தான்.

ஒப்பந்தம் முடிய ஐந்து மாதம் இருந்தது. குன்னூரில் வீடு கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நாலு சுவரும் ஒரு ஜன்னலும் இருந்தால் அதற்கு 'காட்டேஜ்' என்று பலகை மாட்டிச் சுற்றுலா வருபவர்களுக்கு விட்டுவிடுகிறார்கள். மனிஷாவின் பள்ளி நடக்கும் தூரத்தில் இருந்தது. அவன் வேலை பார்க்கும் தேயிலைத் தரகு அலுவலகமும் அப்படியே. இந்த வீட்டை விட்டால் மேட்டுப்பாளையத்தில்தான் வீடு பார்க்க வேண்டும். பணிந்து போவதே விவேகம்.

செருப்பு, குடை, சிலிண்டர், கேன், பேப்பர் கட்டு எல்லாம் வீட்டுக்குள் வந்தன.

மழைக்காலத்தில் குன்னூரில் ஒரு ஷூ நனைந்தால் காய்வதற்கு மூன்று நாள் ஆகும். மூன்றாம் நாள் மறுபடி நனையும். பதினொரு ஜோடியும் ஹாலில் பேப்பர் விரித்து வைக்கப்பட்டன. ஒரு வாரத்தில் ஹாலில் செத்துப்போன எலியைத் தேடினார்கள். எலி இல்லை. மனிஷாவின் பள்ளி ஷூவுக்குள் பச்சையாக ஏதோ முளைத்திருந்தது.

"இதைச் சயின்ஸ் எக்ஸிபிஷனுக்குக் கொண்டு போகட்டுமாப்பா?" என்றாள் மனிஷா.

"ஒரு வழி பண்ணுங்க," என்றாள் சுவாதி. "ஒண்ணு அதுங்க இங்க இருக்கட்டும், இல்ல நான் இருக்கறேன்."

கீர்த்திவாசன் ஹீட்டரை ஷூக்களுக்கு எதிரே வைத்தான். காய்ந்தன. அவனுடைய அலுவலக ஷூ மட்டும் தேவைக்கு மேல் காய்ந்து அடிப்பாகம் அப்பளம் மாதிரி முன்னால் மேலெழும்பியது. வேறு ஷூ வாங்கும் வரை, அவன் எங்கே நின்றாலும் கிளம்பத் தயாராக இருப்பவன் போலவே தெரிந்தான்.

அடுத்த யோசனை, மூடி போட்ட செருப்பு அலமாரி. இணையத்தில் வாங்கினான். படத்தில் அடக்கமாக இருந்தது. பிரித்து மாட்டியபின் வாசல் கதவைப் பாதிக்கு மேல் திறக்க முடியவில்லை. சுவாதி உள்ளே வர வயிற்றை எக்கினாள். அவன் அலமாரியை நைசாக நகர்த்தி வெளியே, கதவை ஒட்டிய தளத்தில் நிறுத்தினான். செருப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை, எல்லாம் அலமாரிக்குள். இதைவிட என்ன வேண்டும் ஒரு மனிதனுக்கு.

ஆறுக்குட்டி வந்து அலமாரியைச் சுற்றிப் பார்த்தார். திறந்து மூடினார்.

"நல்ல அலமாரிங்க, தம்பி."

"தேங்க்ஸுங்க ஐயா."

"இதையும் உள்ள வெச்சிருங்க."

"செருப்புதான் வெளிய தெரியலீங்களே."

"செருப்பாச்சும் பரவால்லீங்க, மிதிச்சா நகரும். இது மோதினா நகராது."

அலமாரி உள்ளே போனது. அதற்கு இடம் விட ஃபிரிட்ஜ் நகர்ந்தது. ஃபிரிட்ஜுக்கு இடம் விட மனிஷாவின் படிப்பு மேஜை படுக்கையறைக்குப் போனது. படுக்கையறைக்கதவு அன்றிலிருந்து மூடவில்லை. வாசல் கதவுக்கு உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்து, நனைந்த செருப்பும் குடையும் அதில் சொட்டி முடிந்த பிறகே அலமாரிக்குள் போக வேண்டும் என்று சுவாதி ஒரு சட்டம் போட்டாள். உண்மையில் அந்தத் தட்டுதான் மொத்தப் பிரச்சினைக்கும் சரியான தீர்வு. அதற்கு இருபது நிமிடம்தான் யோசித்தாள். கீர்த்திவாசன் இருபது நாள் யோசித்திருந்தான்.

சைக்கிள் மிச்சமிருந்தது. படிக்கு அடியில்தான் மின்சார மீட்டர்களும் இருந்தன. மீட்டர் பார்க்க வந்தவர் சைக்கிளைத் தாண்டிக் கழுத்தை நீட்டிப் பார்த்தார். எட்டவில்லை. அதன் கைப்பிடியில் தொங்கிய ஹெல்மெட் மட்டும் அவர் நெற்றிக்கு எட்டியது. 'கதவு பூட்டியிருந்தது' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

"கதவே இல்லாத எடத்துக்கு எப்படீங்க பூட்டு?" என்று ஆறுக்குட்டி விசாரித்தார், மிக மென்மையாக.

கீர்த்திவாசன் சைக்கிளைப் படிக்கட்டுக் கைப்பிடியோடு சங்கிலி போட்டுக் கட்டினான். மறுநாள் காலை ஆறுக்குட்டியின் மனைவி பாப்பம்மாள் மழை விட்டதென்று மொட்டை மாடிக்கு வடகம் காயவைக்கப் போனவர் சேலை முந்தானையைச் சைக்கிள் பெடலில் விட்டுவிட்டார். அவர் மேலே போனார், சேலை வர மறுத்தது. "ஏனுங் கண்ணு, இது என்னைய மேல உட மாட்டேங்குது," என்று அவர் கூப்பிட, சுவாதி ஓடிவந்து கத்தரிக்கோலால் விடுவித்தாள். நல்ல சேலை. பாப்பம்மாள் தினமும் அந்தக் கிழிசலையே உடுத்திக்கொண்டு சுவாதியின் கண்ணில் படும்படி இரண்டு வாரம் நடமாடினார்.

பிறகு கீர்த்திவாசன் தினமும் சைக்கிளைத் தோளில் தூக்கிப் பால்கனிக்குக் கொண்டு போனான். பதினாறு படி, ஒரு திருப்பம். திருப்பத்தில் சக்கரம் சுவரில் உரசி, ஒரு மாதத்தில் அந்த வெள்ளைச் சுவர் சேற்றுத்தடமாக மாறியது. ஆறுக்குட்டி அந்தத் தடத்தை விரலால் தொட்டுப் பார்த்து, விரலைப் பார்த்து, பிறகு கீர்த்திவாசனைப் பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கீர்த்திவாசன் படிக்கட்டுச் சுவருக்கு வெள்ளையடித்தான். ஒரு பக்கம் மட்டும் பளிச்சென்று இருந்ததால் மறுபக்கம் அழுக்காகத் தெரிந்தது. மறுபக்கமும் அடித்தான்.

திங்கட்கிழமை உடம்பெல்லாம் சுண்ணாம்பும் மனமெல்லாம் ஆத்திரமுமாக அலுவலகம் போனான். பக்கத்து மேஜை ஈவ்லின், இருபத்தைந்து வருடம் வாடகை வீடுகளில் வாழ்ந்து தேர்ந்தவர். மொத்தக் கதையையும் கேட்டுவிட்டு டீயைக் குடித்து முடித்தார்.

"கீர்த்தி, வீட்டுக்காரர் சொல்றது நியாயம். படியில உனக்கு நடக்கத்தான் உரிமை, வைக்க உரிமை இல்ல. ஆனா அவரு உன் சாமானைத் தூக்கி எறியவும் முடியாது. எழுதிக் கொடுத்து, நாள் குடுத்து, எடுக்கச் சொல்லணும்."

"அவரு எறியவே இல்லியே. கேட்டுக் கேட்டே கொல்றாரு."

"சரி, பொதுன்னா எல்லாருக்கும் பொதுதானே. அந்தப் படியில அவரு சாமான் எதுவும் இல்லியா?"

கீர்த்திவாசன் கையிலிருந்த டீ அப்படியே நின்றது.

இருந்தது. கீழ்ப் படியிலிருந்து வாசல் வரை பாப்பம்மாளின் பதினான்கு ஜெரேனியப் பூந்தொட்டிகள். திருப்பத்தில் செத்துப்போன கீசர் ஒன்று. மேல் தளத்தில் சந்துருவின் கேரம் போர்டு, கால் உடைந்த ஒரு நாற்காலி, இரண்டு தகர டின், எதற்கென்று யாருக்கும் தெரியாத ஒரு மர ஏணி. இத்தனை நாள் அவற்றை அவன் சாமான் என்றே நினைக்கவில்லை. வீட்டுக்காரருடையது என்றால் அது கட்டடத்தின் பகுதி என்று ஒரு மரியாதை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்து ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்தான். டேப்பும் வாங்கி வைத்திருந்தான், தொட்டிகள் அடைக்கும் அகலத்தை அளந்து அந்தப் படத்தையும் எடுத்தான். மொத்தம் இருபத்தோரு படம். வாட்ஸ்அப்பில் அனுப்பி, கடைசியில் இப்படி எழுதினான்: 'ஐயா, ஏழாவது ஷரத்து எல்லாருக்கும் பொதுங்களே.'

அனுப்பிய பிறகுதான் சுவாதியிடம் காட்டினான்.

"மேட்டுப்பாளையத்துல எனக்கு வெயில் ஒத்துக்காது. இப்பவே சொல்லிட்டேன்," என்றாள் அவள்.

இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. பத்து நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது. ஆறுக்குட்டி நின்றார். முகத்தில் சிரிப்பு.

"ரொம்பக் கரெக்டுங்க, தம்பி. எங்கண்ணுக்கே படலைங்க பாருங்க. ஊருக்கு உபதேசம் பண்ணிப்போட்டு நானே வெச்சிருக்கறனே. ஒரு கை புடிக்கறீங்களா?"

போருக்குத் தயாராக நின்றவனுக்குக் கீசரின் ஒரு முனை கிடைத்தது. கீசர், ஏணி, டின், நாற்காலி எல்லாம் கீழே கொட்டகைக்குப் போயின. பதினான்கு தொட்டிகளையும் கேட் ஓரமாக வரிசையாக வைத்தார்கள். தூக்கியதில் பெரும்பங்கு கீர்த்திவாசனுடையது. ஆறுக்குட்டி, "பாத்துங்க, பாத்துங்க," என்று பின்னால் வந்தார்.

அதன்பின் ஆறுக்குட்டி எல்லாவற்றையும் முறையாகச் செய்தார். கீர்த்திவாசனையும் கூட்டிக்கொண்டு கேட்டிலிருந்து மொட்டை மாடி வரை ஒருமுறை நடந்தார். எது பொது இடம், எது வீட்டு எல்லை என்று இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வாசல் கதவுக்கு வெளியே ஒரு கால்மிதி மட்டும், அதுவும் வழுக்காத ரப்பர் அடி உள்ளது. சைக்கிளுக்கு கேட் ஓரம் தகரக்கூரை போட்டு ஒரு இடம், சங்கிலி மாட்டச் சுவரில் வளையம். காலி சிலிண்டர், மாற்றும் நாளில் மட்டும் வெளியே. மறந்து வைத்த சாமானுக்கு முதலில் வாட்ஸ்அப்பில் தகவல், ஏழு நாள் அவகாசம், அப்புறமும் எடுக்காவிட்டால் கொட்டகையில் பத்திரமாக இருக்கும், தூக்கி எறியப்படாது. ஈவ்லின்கூட அந்தத் தாளைப் பார்த்து, "இப்படி ஒரு வீட்டுக்காரரா?" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

படிக்கட்டுக்குப் புது விளக்கு வந்தது. கைப்பிடிக்குப் புதுப் பெயின்ட். ஒரு அறிவிப்புப் பலகையும் வந்தது: 'படிக்கட்டு நடப்பதற்கு மட்டும். செருப்பு, சைக்கிள், சாமான்கள் வைக்காதீர்கள்.' அதையே கீழே ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. அந்தப் படியில் ஏறுகிறவர்களில் தமிழ் தெரியாதவை குரங்குகள் மட்டுமே, அவை ஆங்கிலமும் படிப்பதாகத் தெரியவில்லை. கீர்த்திவாசன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பலகையை மாட்ட ஆணியடித்தவனே அவன்தான்.

ஞாயிறுதோறும் ஆறுக்குட்டி வந்து படிக்கட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். "ரிக்கார்டுக்குங்க," என்பார். "நீங்களும் கொஞ்சம் அப்படி ஓரமா நில்லுங்க தம்பி. ஆள் நின்னாத்தான் படி எத்தனை அகலம்னு தெரியும்." கீர்த்திவாசன் நிற்பான். சில நாள் கையில் துடைப்பத்தோடு நிற்பான், ஏனென்றால் அப்போதுதான் பெருக்கி முடித்திருப்பான்.

ஆமாம், பெருக்கவும் ஆரம்பித்திருந்தான். யாரும் சொல்லவில்லை. புதிதாகத் தம்மடிப்பதை விட்டவன் ஊரில் எல்லார் வாயையும் முகர்ந்து பார்ப்பது மாதிரி அவனுக்குப் படிக்கட்டுப் பித்துப் பிடித்துவிட்டது. கொரியர்காரர் பார்சலைப் படியில் வைத்தால், எடுத்துக் கையில் கொடுத்து மறுபடி முறைப்படி வாங்கிக்கொண்டான். சின்னராஜ் காலி சிலிண்டரை ஒரு நிமிடம் படியில் இறக்கி மூச்சு விட்டபோது, "அண்ணே, நாளைக்கு வேறொருத்தர் விழுந்தா?" என்று கேட்டான்.

"விழறவன் நான் ஒருத்தன்தானுங்ணா," என்றான் சின்னராஜ். "நானே இங்க நிக்கறேன்."

சுவாதியின் அக்கா குடும்பத்தோடு பொள்ளாச்சியிலிருந்து வந்தபோது ஐந்து ஜோடிச் செருப்பு வாசலில் கிடந்தது. கீர்த்திவாசன் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்து, அவரவர் செருப்பை அதில் போட்டு உள்ளே எடுத்து வரச் சொன்னான். அக்காவின் கணவர் சாப்பிடும்போதும் அந்தப் பையை மடியிலேயே வைத்திருந்தார். சாயந்திரமே கிளம்பிவிட்டார்கள்.

"ரெண்டு நாள் இருக்கறதா வந்தாங்க," என்றாள் சுவாதி.

"படி எப்படி இருக்குது பாத்தியா? ஒரு தூசி இல்ல."

"பாத்தேன். அதுலயே படுத்துக்கங்க."

கீர்த்திவாசன் அசரவில்லை. உள்ளுக்குள் அவனுக்கு ஒரு நிறைவு. முப்பத்தெட்டு வயதில் முதல்முறையாக ஒரு விஷயத்தில் அவன் சரியாக இருந்தான். அலுவலகத்தில் அவன் எழுதும் எதையும் மூன்று பேர் திருத்துவார்கள். இந்தப் படிக்கட்டைத் திருத்த ஆளில்லை.

பங்குனி கடைசியில் ஒப்பந்தம் முடிந்தது. கீர்த்திவாசன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அக்கம்பக்கத்தில் வரிசையாகக் குடித்தனக்காரர்களைக் காலி செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எதிர்ச்சரிவில் மூன்று வீட்டில் 'காட்டேஜ்' பலகை ஏறிவிட்டது. ஆறுக்குட்டி முத்திரைத்தாளோடு வந்து உட்கார்ந்தார்.

"உங்களையெல்லாம் அனுப்பற பேச்சே இல்லீங்க, தம்பி. உங்களை மாதிரி ஆளு எங்க கெடைக்குது? சந்துருகூடச் சொன்னான், 'அப்பா, எது போனாலும் அவரை மட்டும் உட்ராதீங்க'ன்னு."

கீர்த்திவாசன் அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டான். கடல் கடந்து இருக்கும் ஒருவன் தன்னைப் பற்றி இப்படிச் சொல்லியிருக்கிறான். இந்த முறை ஒப்பந்தத்தை முழுதும் படித்தான். ஏழாவது ஷரத்தில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: 'படிக்கட்டின் தூய்மையையும் ஒழுங்கையும் பேண முதல் மாடிக் குடித்தனக்காரர் முழு ஒத்துழைப்பு அளிப்பார்.' அதைப் படித்தபோது விருது வாங்கியவன் போல நிமிர்ந்து உட்கார்ந்தான். கையெழுத்துப் போட்டான். பாப்பம்மாள் வடகம் கொடுத்தனுப்பினார்.

"இன்னொண்ணுங்க," என்று எழுந்தார் ஆறுக்குட்டி. "உங்க செருப்பு அலமாரி உள்ள எடத்தை அடைக்குதுன்னு மனிஷா பாப்பா சொல்லுச்சு. நான் உங்க வாசல்கிட்ட சுவத்துல குடைஞ்சு, படிக்கு நீட்டாம, உள்ளடங்கின மாதிரி ஒரு அலமாரி போட்டுத் தர்றேன். ஒரு இன்ச்கூட வெளிய வராதுங்க. பொது அலமாரி."

ஒரே வாரத்தில் செய்தும் கொடுத்தார். இருபத்துநாலு ஜோடி பிடிக்கும். மூன்று பேருக்கு எதற்கு இருபத்துநாலு என்று சுவாதி கேட்டாள். "நல்ல மனுசன். நல்லாவே செஞ்சிருக்காரு. உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்," என்றான் கீர்த்திவாசன்.

சித்திரை வந்தது. மலை ரயிலில் இடமில்லாமலும் சாலையில் நகர இடமில்லாமலும் சீசன் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கீர்த்திவாசன் பழைய டி-சர்ட்டும் மடித்துக் கட்டிய கைலியுமாகக் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கேட்டில் ஒரு திருப்பூர் வேன் வந்து நின்றது. மலையேறும் சோதனைச் சாவடிகளில் இ-பாஸ் காட்டிக் காட்டிச் சோர்ந்த முகங்களோடு ஒன்பது பேர் இறங்கினார்கள். பெட்டிகளைத் தடதடவென்று இழுத்துக்கொண்டு, மழையில் நனைந்த சேற்றுக் காலோடு படியேறினார்கள். முதல் மாடித் தளத்தில் அவன் கண்ணெதிரே ஒன்பது பேரும் செருப்பையும் ஷூவையும் கழற்றி அப்படியே உதறினார்கள். ஒரு ஷூ நாலு படி கீழே உருண்டது.

கீர்த்திவாசன் துடைக்கும் துணியைத் தோளில் போட்டான்.

"ஏனுங்க, யாருங்க நீங்க? பலகையைப் படிக்கலீங்களா? தமிழ்ல போட்டிருக்குது. இங்கிலீஷ்லயும் போட்டிருக்குது. இது பொது வழி. வழுக்கி விழுந்தா யாரு பதில் சொல்றது? எடுங்க முதல்ல."

எட்டுப் பேர் குனிந்து தங்கள் செருப்பைத் தேடினார்கள். நடுவில் இருந்த திருப்பூர் அம்மாள் ஒருத்தி மட்டும் பதறவில்லை. இரண்டாவது மாடிச் சாவியை ஒரு கையில் சுழற்றிக்கொண்டே, மறு கையில் இருந்த போனை ஒருமுறை பார்த்து, கீர்த்திவாசனை ஒருமுறை பார்த்து, நிம்மதியாகச் சிரித்தாள்.

"கோவிச்சுக்காதீங்ணா, சந்துரு சாரோட ஹோம்ஸ்டே விளம்பரத்துல உங்க போட்டோவும் போட்டு, 'செருப்பை முதல் மாடியிலேயே விட்டுவிடலாம், அங்கேயே தங்கியிருக்கும் எங்கள் வாட்ச்மேன் துடைத்து அடுக்கி வைப்பார்'ன்னு எழுதியிருக்குதுங்களே, அது நீங்கதானுங்க?"